டிவிடெண்ட் யீல்டு 10 சதவீதம் என்றால் வாங்கலாமா? அடிக்கடி வரும் கேள்விகள்

ஒரு பங்கு 9, 10 சதவீதம் டிவிடெண்ட் யீல்டு காட்டுது. பேங்க் வட்டியை விட அதிகமா இருக்கே, இதுல என்ன தப்பு?

யீல்டு என்பது ஒரு வகுத்தல் கணக்கு. கடந்த ஒரு வருடத்தில் ஒரு பங்குக்குக் கொடுத்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்தால் வருவது அது. பங்கு விலை 100, டிவிடெண்ட் 5 என்றால் யீல்டு 5 சதவீதம். அடுத்த வருடம் அதே கம்பெனி அதே 5-ஐக் கொடுக்கிறது, ஆனால் விலை 50-க்கு இறங்கிவிட்டது என்றால் திரையில் 10 சதவீதம் என்று தெரியும். கம்பெனி ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை. மேலே இருக்கும் எண் போன வருடத்துக்கானது, கீழே இருக்கும் எண் இன்றைக்கானது, அதுதான் விஷயம்.

அதனால் அதிக யீல்டு தெரியும்போது முதலில் பார்க்க வேண்டியது, டிவிடெண்ட் ஏறியதால் இந்த எண் வந்ததா, விலை இறங்கியதால் வந்ததா என்பதை. ஐந்து வருட விலை வரைபடத்தைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விலை இறங்கியதால் வந்தது என்றால், இந்த டிவிடெண்ட் அடுத்த வருடம் வராது என்று விற்றவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் தவறாகவும் நினைக்கலாம். ஆனால் அதை நீங்கள் கணக்குப் போட்டுத்தான் நிரூபிக்க வேண்டும், யீல்டு எண்ணைப் பார்த்து நிரூபிக்க முடியாது.

பே-அவுட் ரேஷியோ 50 சதவீதம்தான் இருக்கு. லாபத்துல பாதிதானே கொடுக்கறாங்க, அப்போ பாதுகாப்புதானே?

இந்த நம்பிக்கையால்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். எனவே ஒரு நிஜமான கம்பெனியையே எடுத்துக்கொள்வோம்.

பிரிட்டனில் கரில்லியன் என்று ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் இருந்தது. மருத்துவமனை, சாலை கட்டுவது, அரசுக் கட்டடங்களைப் பராமரிப்பது என்று வருடத்துக்குச் சுமார் 520 கோடி பவுண்டு வருமானம். 2016-ம் ஆண்டுக்கு அது அறிவித்த டிவிடெண்ட் பங்குக்கு 18.45 பென்ஸ், மொத்தமாக 7.9 கோடி பவுண்டு. தொடர்ந்து 16 வருடமாக டிவிடெண்டை உயர்த்திக்கொண்டே வந்த கம்பெனி அது. 2016-ல் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ 14.7 கோடி பவுண்டு. வகுத்துப் பாருங்கள், லாபத்தில் ஏறக்குறைய பாதிதான் டிவிடெண்டாகப் போனது. 2017 ஜூலை தொடக்கத்தில் பங்கு விலை 192 பென்ஸ் அளவில் இருந்தது, அதாவது யீல்டு சுமார் 9.6 சதவீதம். அதிக யீல்டு, நிதானமான பே-அவுட், நீண்ட வரலாறு என்று பங்குகளை வடிகட்டும் எந்தத் தளத்திலும் இது முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

2017 ஜூலை 10 அன்று கம்பெனி 84.5 கோடி பவுண்டு நஷ்டத்துக்கு ஒதுக்குவதாக அறிவித்து, டிவிடெண்டை நிறுத்தியது. அன்றைக்கே பங்கு 39 சதவீதம் விழுந்தது, மூன்று நாளில் சுமார் 70 சதவீதம் போய்விட்டது. செப்டம்பரில் இன்னொரு 20 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். இரண்டையும் சேர்த்தால் அதற்கு முந்தைய ஏழு வருட லாபம் முழுவதும் கரைந்துவிட்டது. 2018 ஜனவரி 15 அன்று கம்பெனியே கலைப்புக்குப் போனது. அப்போது கடன், பாக்கி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 700 கோடி பவுண்டு, கையில் இருந்த பணம் 2.9 கோடி பவுண்டு. பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த 50 சதவீதம் எங்கே பொய்யானது என்றால், வகுக்கப்பட்ட லாபத்தில்தான். பல வருடம் இழுக்கும் கட்டுமான ஒப்பந்தங்களில், வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது, கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று நிர்வாகம் மதிப்பிட்டு, அந்த அளவுக்கு லாபத்தை வருடா வருடம் புத்தகத்தில் எழுதலாம். வாடிக்கையாளர் இன்னும் பணம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. மதிப்பீடு நம்பிக்கையோடு போடப்பட்டால் லாபம் பெரிதாகத் தெரியும், அதோடு பே-அவுட் ரேஷியோ சின்னதாகத் தெரியும். டிவிடெண்டை மட்டும் மதிப்பீட்டில் கொடுக்க முடியாது, அது ரொக்கமாகத்தான் வெளியே போக வேண்டும்.

பிரிட்டன் நாடாளுமன்றக் குழுக்கள் இதை விசாரித்து 2018 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: 2012 ஜனவரி முதல் 2017 ஜூன் வரை, வியாபாரத்தில் இருந்து வந்த ரொக்கத்தை விட 33.3 கோடி பவுண்டு அதிகமாக டிவிடெண்ட் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வரி பே-அவுட் ரேஷியோ, 16 வருட வரலாறு எல்லாவற்றையும் விட முக்கியமானது. அதிலும் இந்தக் கணக்கைப் போடுவதற்கு ரகசியத் தகவல் தேவையில்லை. டிவிடெண்ட் எவ்வளவு போனது, வியாபாரத்தில் எவ்வளவு ரொக்கம் வந்தது என்ற இரண்டு எண்களும் வருடா வருடம் ஆண்டறிக்கையின் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்டில் அச்சாகி வந்துகொண்டே இருந்தன.

கடனையும் பார்க்கணும்னு சொல்றாங்க. பேலன்ஸ் ஷீட்ல கடன் குறைவாத்தான் தெரிஞ்சா?

எந்தத் தேதியில் குறைவு என்று கேளுங்கள். பேலன்ஸ் ஷீட் என்பது வருடத்தின் கடைசி நாள் எடுத்த ஒரு புகைப்படம் மாதிரி. அந்த நாளுக்கு முன்னால் வசூலை முடுக்கிவிட்டு, கொடுக்க வேண்டியதைப் பத்து நாள் தள்ளிவைத்தால் கடன் அழகாகக் குறைந்து தெரியும். கரில்லியனின் நெட் கடன், அதாவது கையிருப்பைக் கழித்த பிறகான கடன், 2016 வருடக் கடைசியில் 21.9 கோடி பவுண்டு. அதே வருடத்தின் சராசரி நெட் கடன் 58.7 கோடி பவுண்டு. இரண்டரை மடங்குக்கும் மேலே வித்தியாசம், இரண்டு எண்ணையும் கம்பெனியே வெளியிட்டது. சராசரிக் கடனை வெளியிடும் கம்பெனி என்றால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியிடாத கம்பெனிகளில் ஒரு குறுக்கு வழி உண்டு: வருடம் முழுக்கக் கட்டிய வட்டியை, அவர்கள் கடனுக்குச் சொல்லும் வட்டி விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் கடன் பேலன்ஸ் ஷீட்டில் உள்ளதை விட ரொம்பப் பெரிதாக இருந்தால், அந்தக் கடைசி நாள் எண்ணை நம்பாதீர்கள். துல்லியமான கணக்கு இல்லை இது, எச்சரிக்கை மணி அடிக்குமா என்று பார்க்கப் போதும்.

இரண்டாவது மறைவிடம் இன்னும் நுட்பமானது. சப்ளையர்களுக்குக் கம்பெனி 120 நாள் கழித்துத்தான் பணம் தரும், ஆனால் ஒரு வங்கி முன்கூட்டியே சப்ளையருக்குக் கொடுத்துவிடும், பிறகு கம்பெனி வங்கிக்குக் கட்டும். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய பணம் யார் பார்த்தாலும் கடன்தான். ஆனால் கரில்லியன் புத்தகத்தில் அது கடன் வரிசையில் வரவில்லை, கொடுக்க வேண்டிய இதர பாக்கிகள் என்ற தலைப்பில் உட்கார்ந்துகொண்டது. அந்தத் தலைப்பு 2012-ல் 26.3 கோடியாக இருந்து 2016-ல் 76.1 கோடி பவுண்டாக வளர்ந்தது. இப்படி வைப்பதால் கம்பெனிக்கு இரட்டை ஆதாயம்: கடன் குறைந்து தெரிகிறது, கூடவே சப்ளையருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் பணம் வியாபாரத்தில் வந்த ரொக்கம் மாதிரியும் தெரிகிறது. அதாவது மேலே சொன்ன 33.3 கோடி பள்ளம், இந்த அலங்காரத்துக்குப் பிறகும் மிஞ்சிய பள்ளம்.

ஆகவே ஒரு கம்பெனியின் விற்பனை பெரிதாக வளராமல், சப்ளையர் பாக்கியும் இதர பாக்கியும் மட்டும் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனால், டிவிடெண்டுக்கான பணம் சப்ளையர் பையில் இருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் அவர்கள் கேட்பார்கள்.

சரி, நானே உட்கார்ந்து கணக்குப் போடணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்ட் மட்டும் போதும், ஆனால் ஒரு வருடத்துக்கு இல்லை, ஐந்து வருடத்துக்கு. ஒரு வருடத்தை யார் வேண்டுமானாலும் அழகுபடுத்தலாம். ஐந்து வருடக் கூட்டுத்தொகையை வளைப்பது கஷ்டம், இந்த வருடம் தள்ளிப்போட்ட பாக்கி அடுத்த வருடம் வந்து நின்றுவிடும்.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஐந்து வருட லாபம் 600, ஐந்து வருட டிவிடெண்ட் 300. பே-அவுட் 50 சதவீதம், கரில்லியன் மாதிரியே. இப்போது கேஷ் ஃப்ளோ பக்கம் வாருங்கள். வியாபாரத்தில் இருந்து ஐந்து வருடத்தில் வந்த ரொக்கம் 620, இது வட்டியும் வரியும் கட்டிய பிறகு. சில கம்பெனிகள் வட்டியைக் கீழே நிதிப் பகுதியில் போடும், அப்படி இருந்தால் நீங்களே கழித்துவிடுங்கள். அதில் இருந்து இயந்திரம், கட்டடம், மென்பொருள் போன்றவற்றுக்குச் செலவிட்ட 410-ஐக் கழியுங்கள். வாடகைக் குத்தகைக்குக் கட்டிய அசல் 40-ஐயும் கழியுங்கள், இதையும் இப்போதெல்லாம் பல கம்பெனிகள் கீழே நிதிப் பகுதியில்தான் காட்டுகின்றன. மிச்சம் 170. இதுதான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ.

கொடுத்த டிவிடெண்ட் 300, வந்தது 170. பள்ளம் 130. இந்த 130 எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், அதே ஸ்டேட்மெண்டின் கீழ்ப்பகுதியில் அது எழுதியிருக்கும். புதுக் கடன், புதுப் பங்கு வெளியீடு, சொத்து விற்பனை, கையிருப்புக் கரைப்பு, இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். நம் உதாரணத்தில் நெட் கடன் 250-ல் இருந்து 380-க்கு ஏறியிருந்தால் கணக்கு சரியாகப் பொருந்திவிட்டது: கடன் வாங்கி உங்களுக்கு டிவிடெண்ட் கொடுத்திருக்கிறார்கள். வேகமாக வளரும் கம்பெனி சில வருடம் இப்படிச் செய்யலாம். விற்பனை நகராத கம்பெனி செய்தால், எப்போது நிற்கும் என்பதுதான் பாக்கி, நிற்குமா என்பது இல்லை.

இன்னொரு சோதனையும் இதே இடத்தில் செய்துவிடுங்கள். ஐந்து வருடத் தேய்மானம் 500 என்று எழுதியிருக்கிறது, செலவழித்தது 410 தான் என்றால், பழையது தேய்கிற வேகத்துக்குப் புதியது வாங்கவில்லை. நெருக்கடியில் இருக்கும் நிர்வாகம் முதலில் கைவைப்பது இதில்தான், வெளியே யாருக்கும் உடனே தெரியாது என்பதால். முழுத் தேய்மானத்தையும் கழித்தால் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ 170 அல்ல, 80 தான். 300 டிவிடெண்டுக்கு 80.

16 வருஷம் உயர்த்தின கம்பெனி, 100 வருஷமா கொடுக்கற கம்பெனினா நம்பலாம்தானே?

நீண்ட வரலாறு நல்ல கம்பெனிக்கு நல்ல அடையாளம். பலவீனமான கம்பெனிக்கு அதுவே கழுத்தில் கட்டிய கல். பொருளாதார அறிஞர் ஜான் லிண்ட்னர் 1956-லேயே நிர்வாகிகளிடம் பேசி இதைக் கண்டார்: டிவிடெண்டைக் குறைப்பதை அவர்கள் கடைசி வரை தவிர்ப்பார்கள், லாபம் ஆடினாலும் டிவிடெண்டை ஆடாமல் வைத்திருக்கப் பார்ப்பார்கள். இதன் பின்விளைவை யோசியுங்கள். டிவிடெண்ட் என்பது கம்பெனியில் கடைசியாக விழும் எண். விற்பனை, லாபம், ரொக்கம், கடன் எல்லாம் கெட்ட பிறகும் அது நிமிர்ந்து நிற்கும். கரில்லியன் 2017 ஜூன் மாதம் தன் கடைசி டிவிடெண்டாக சுமார் 5.5 கோடி பவுண்டு கொடுத்தது, அடுத்த மாதம்தான் 84.5 கோடி நஷ்ட அறிவிப்பு.

ஜெனரல் எலக்ட்ரிக் இதைவிடப் பழைய பெயர். 2017-ல் அதன் டிவிடெண்டுக்கு வருடம் சுமார் 800 கோடி டாலர் தேவைப்பட்டது. தொழில் பிரிவுகளில் இருந்து அந்த வருடம் 1,200 கோடி ரொக்கம் வரும் என்று சொல்லியிருந்தவர்கள், பிறகு சுமார் 700 கோடிதான் என்றார்கள். நவம்பரில் காலாண்டு டிவிடெண்ட் 24 சென்டில் இருந்து 12 சென்ட் ஆனது, அடுத்த வருட அக்டோபரில் 1 சென்ட் என்று அறிவித்தார்கள். ரொக்கம் டிவிடெண்டை விடக் கீழே போன பிறகு வரலாறு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

எத்தனை சதவீதத்துக்கு மேல போனா ஆபத்துன்னு ஒரு கோடு போட முடியுமா?

முடியாது. ஜெனரல் எலக்ட்ரிக் டிவிடெண்டைப் பாதியாக வெட்டுவதற்கு முன்னால் அதன் யீல்டு 5 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. எட்டு, ஒன்பது தாண்டினால் பார்க்கலாம் என்று கோடு போட்டவர் அதைத் தவற விட்டிருப்பார். ஒரு பங்கை அதன் சொந்தக் கடந்த காலத்தோடும், அதே தொழிலில் உள்ள மற்றவற்றோடும் ஒப்பிடுவது இதைவிட உபயோகமானது. வழக்கமாக 3 சதவீதம் தரும் பங்கு 5 காட்டுகிறது, போட்டிக் கம்பெனிகள் இன்னும் 3-லேயே இருக்கின்றன என்றால், கேஷ் ஃப்ளோ கணக்கைப் போட அதுவே போதுமான காரணம்.

சுரங்கம், எண்ணெய் கம்பெனிகள் சில வருஷம் 12 சதவீதம்கூட தருதே, அதுவும் ட்ராப்பா?

இது வேறு வகை. இங்கே கம்பெனி பலவீனமாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் திரையில் தெரியும் எண்தான் பழையது. தாது விலை உச்சத்தில் இருந்த வருடத்தின் டிவிடெண்டை, விலை இறங்கிய பிறகான பங்கு விலையால் வகுத்திருப்பார்கள். சில கம்பெனிகள் இதை வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன: சுரங்கக் கம்பெனியான பிஎச்பி 2016 பிப்ரவரியில், டிவிடெண்டைக் குறைக்கவே மாட்டோம் என்ற பழைய கொள்கையை விட்டுவிட்டு, லாபத்தில் குறைந்தது 50 சதவீதம் கொடுப்போம் என்று மாற்றிக்கொண்டது. லாபம் பாதியானால் டிவிடெண்டும் பாதியாகும். இது நேர்மையான ஏற்பாடு என்று நினைக்கிறேன், ஆனால் இந்த மாதிரிப் பங்குக்குக் கடந்த வருட யீல்டு என்பதற்கு அர்த்தமே இல்லை. நல்ல வருடம், கெட்ட வருடம் கலந்த ஏழெட்டு வருட சராசரி டிவிடெண்டை இன்றைய விலையால் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு முறை கொடுத்த சிறப்பு டிவிடெண்டும் யீல்டில் கலந்திருக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

ஆர்இஐடி மாதிரி ரியல் எஸ்டேட் ட்ரஸ்ட்கள்ல பே-அவுட் 100-க்கு மேல போகுதே?

அங்கே கட்டடத் தேய்மானம் லாபத்தைச் சுருக்கிவிடும், ரொக்கம் அதைவிட அதிகமாக இருக்கும். பல நாடுகளில் வருமானத்தின் பெரும்பகுதியைப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது, அமெரிக்காவில் 90 சதவீதம். அதனால் லாப பே-அவுட்டை விட்டுவிட்டு, வாடகையில் இருந்து வரும் ரொக்கத்தில் பராமரிப்புச் செலவு போக மிஞ்சுவது பகிர்வுக்குப் போதுமா என்று பாருங்கள். கூடவே, கடன் எந்த வருடம் முதிர்கிறது என்பதையும்.

விலைதான் ஏற்கெனவே பாதி இறங்கிடுச்சே. டிவிடெண்டை வெட்டினாலும் இனிமே என்ன பெரிசா இறங்கப் போகுது?

அது வெட்டு ஏன் வருகிறது என்பதைப் பொறுத்தது. ஷெல் 2020 ஏப்ரலில் காலாண்டு டிவிடெண்டை 47 சென்டில் இருந்து 16 சென்டாகக் குறைத்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல் குறைப்பு. எண்ணெய் விலை சரிந்திருந்த நேரம், ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள், அதே வருடம் அக்டோபரிலேயே கொஞ்சம் உயர்த்தவும் ஆரம்பித்தார்கள். கம்பெனிக்குக் கீழே சொத்து இருந்தது, கடன்காரர்கள் கழுத்தைப் பிடிக்கவில்லை.

கரில்லியனுக்குக் கீழே என்ன இருந்தது? 2016 பேலன்ஸ் ஷீட்டில் சுமார் 157 கோடி பவுண்டு குட்வில், அதாவது பழைய கம்பெனிகளை வாங்கியபோது சொத்து மதிப்புக்கு மேலே கொடுத்த தொகை. மொத்த நிகரச் சொத்தே சுமார் 73 கோடி பவுண்டுதான். குட்விலை எடுத்துவிட்டால் நிகரச் சொத்து பூஜ்யத்துக்கும் வெகு கீழே. பென்ஷன் நிதியில் சுமார் 80 கோடி பற்றாக்குறை வேறு. இப்படிப்பட்ட கம்பெனியில் 192 பென்ஸில் இருந்து 57-க்கு வந்த பிறகும் மலிவு கிடையாது, அதற்கப்புறம் பூஜ்யம் வரை போக இடம் இருந்தது. வெட்டு வருமா என்ற கேள்வியோடு, வெட்டிய பிறகு கம்பெனி நிற்குமா என்று கேட்பதற்குக் குட்வில், பென்ஷன் பாக்கி, கடன் முதிர்வு மூன்றையும் பாருங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு பங்கு கையில இருக்கு. அடுத்த டிவிடெண்டை வாங்கிட்டு வித்துடலாமா?

அந்த ஒரு டிவிடெண்டுக்காகக் காத்திருப்பதில் லாபம் இல்லை. எக்ஸ்-டிவிடெண்ட் நாளில், அதாவது அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது என்ற நாளில், பங்கு விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித்தான் திறக்கும், வரி தனி. காத்திருக்கும் வாரங்களில் ஒரு அறிவிப்பு வந்தால் ஒரே நாளில் நான்கு வருட டிவிடெண்ட் போய்விடும். கரில்லியனில் ஜூலை 10-ம் தேதி போன 39 சதவீதத்தை 9.6 சதவீத யீல்டால் வகுத்தால் அதுதான் வருகிறது.

முடிவெடுக்க வாங்கிய விலையை மறந்துவிட்டு மேலே சொன்ன ஐந்து வருடக் கணக்கை இன்றே போடுங்கள். ரொக்கம் டிவிடெண்டை மூடுகிறது, கடன் ஏறவில்லை என்றால் விலை இறங்கினாலும் வைத்திருக்கலாம், இன்னும் வாங்கக்கூடச் செய்யலாம். மூடவில்லை, கடன் ஏறுகிறது, நிர்வாகமோ எங்கள் டிவிடெண்ட் கொள்கையில் மாற்றம் இல்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தப் பணத்தில் கொடுப்போம் என்று சொல்ல மறுக்கிறது என்றால் விற்றுவிடுங்கள். நடுவில் தொங்குகிற கம்பெனிகளும் உண்டு, ஒரு வருடம் மூடும், ஒரு வருடம் மூடாது. அதில் அடுத்த அரையாண்டு அறிக்கை வரும் வரை ஒரு பகுதியை மட்டும் குறைத்து வைப்பேன். அறிக்கை வந்ததும் லாபப் பக்கத்துக்குப் போவதற்கு முன்னால் சப்ளையர் பாக்கி, சராசரிக் கடன், வியாபாரத்தில் வந்த ரொக்கம் மூன்றையும் போன வருட அதே அரையாண்டோடு வைத்துப் பார்ப்பேன்.